பிளாஸ்க் காபி கசப்பது ஏன்? அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

ஒரு லிட்டர் பிளாஸ்கில் காலை ஏழு மணிக்கு ஊற்றி வைத்த காபியைப் பதினோரு மணிக்குக் குடிக்க வேண்டிய நிலையில் நான் பல மாதங்கள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் அது கசந்தது. ஒவ்வொரு நாளும் நான் வேறொரு காரணத்தைச் சந்தேகித்துப் பொடியை மாற்றினேன், பிறகு பிளாஸ்கையே மாற்றினேன். இரண்டாலும் பயன் இல்லை. பயன் கிடைத்தது, "கசப்பு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே சுவை அன்று என்று தெரிந்த பிறகுதான். எனவே எதையும் மாற்றுவதற்கு முன் முதல் வேலை, நாக்கில் படுவது எது என்று பிரித்தறிவது.

## முதற்சோதனை: கசப்பா, புளிப்பா, துவர்ப்பா, வாடையா?

ஆறிய காபியில் ஒரு தேக்கரண்டி எடுத்து, சர்க்கரை சேர்க்காமல் வாயில் வைத்துச் சிறிது நேரம் சுழற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது சுவைகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். வெதுவெதுப்பான நிலையில்தான் அவை பிரிந்து தெரியும்.

அடிநாக்கில் நெடுநேரம் தங்கினால் அது உண்மையான கசப்பு. பெரும்பாலும் வடித்தபோதே வந்த குறை. நாக்கின் ஓரங்கள் கூசி, கன்னத்தின் உட்புறம் காய்ந்ததுபோல் இழுத்தால் அது புளிப்பும் துவர்ப்பும். சூட்டில் நெடுநேரம் நின்றதால் வந்தது. நாக்கில் பெரிதாக ஒன்றும் இல்லாமல், விழுங்கும்போது மூக்கில் பழைய எண்ணெய்போல் ஒரு சிக்கு வாடை ஏறினால் குற்றம் காபியுடையது அன்று, பாத்திரத்துடையது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கீழே உள்ள தலைப்புகளில் உங்களுடைய அறிகுறிக்கு நேராகச் செல்லலாம்.

## அறிகுறி 1: ஊற்றிய அரை மணி நேரத்துக்குள்ளேயே கசக்கிறது

அரை மணி நேரத்தில் பிளாஸ்க் ஒரு காபியைக் கெடுத்துவிடாது. பிளாஸ்கில் ஊற்றுவதற்கு முன்பே அரைக் கோப்பை எடுத்து வைத்து, அது ஆறியதும் சுவைத்துப் பாருங்கள். அதுவும் கசந்தால், பிழை வடிக்கும் முறையில் இருக்கிறது.

அப்போது எளிதான காரணத்திலிருந்து தொடங்குங்கள். தளதளவென்று கொதிக்கும் நீரை அப்படியே பொடிமேல் ஊற்றினால், அடுப்பை அணைத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காத்திருந்து ஊற்றிப் பாருங்கள். 92 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை போதுமானது. அதற்கும் மசியவில்லை என்றால் பொடியும் நீரும் சேர்ந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். அழுத்திப் பிரிக்கும் குடுவையில் நான்கு நிமிடம் போதும். அதன் பிறகு காபியை முழுவதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு அரைப்பை ஒரு படி பருமனாக்குங்கள். கடைசியாக மட்டுமே பொடியை மாற்றுங்கள், ஏனெனில் அது செலவு வைப்பது. மிகக் கறுப்பாக வறுத்த கொட்டையும், ரோபஸ்டா வகை மிகுந்த கலவையும் இயல்பாகவே கூடுதலாகக் கசக்கும்.

### கிளை: முதல் கோப்பை நன்றாக இருக்கிறது, கடைசிக் கோப்பை மட்டும் கசக்கிறது

இது வண்டலின் வேலை. வடிகட்டியில் தப்பிய நுண்ணிய பொடி பிளாஸ்கின் அடியில் தங்கி, சூடான காபியில் மணிக்கணக்காக ஊறிக்கொண்டே இருக்கிறது. நாம் வடித்து முடித்துவிட்டதாக நினைத்தாலும் பிளாஸ்குக்குள் வடிப்பு தொடர்கிறது. கடைசிக் கோப்பையைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் விரலால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு மண்டி படிந்தால், பிளாஸ்கில் ஊற்றும்போது காகித வடிகட்டி வழியாகவோ நெருக்கமாக நெய்த துணி வழியாகவோ இன்னொரு முறை வடிகட்டுங்கள். துணியைச் சோப்பில் துவைக்காதீர்கள். சோப்பின் மணம் அடுத்த நாள் காபியில் வரும். வெந்நீரில் அலசிக் காய வைத்தால் போதும்.

## அறிகுறி 2: முதல் மணி நேரம் நன்றாக இருந்து, பிறகு மெல்ல மெல்லக் கெடுகிறது

இதுவே பெரும்பாலானோர் குறைப்படும் அறிகுறி. இதில் ஏமாற்றமான செய்தி ஒன்றும் உண்டு: நேரத்தைத் தள்ளிப்போடலாமே தவிர, முற்றிலும் தடுக்க முடியாது. சூட்டில் நிற்கும் காபியில் அமிலம் கூடிக்கொண்டே போகிறது, மணம் குறைந்துகொண்டே போகிறது. மணம் இருக்கும்வரை அதன் பின்னால் ஒளிந்திருந்த புளிப்பும் துவர்ப்பும் மணம் போனதும் தனித்து நிற்கின்றன. சூடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். ஆகவே மிக நன்றாகச் சூடு காக்கும் பிளாஸ்க்தான் சுவையையும் நன்றாகக் காக்கும் என்று எண்ணுவது தவறு. என் முதல் பிளாஸ்கை மாற்றிவிட்டு விலை கூடிய இன்னொன்றை வாங்கியபோது, கெட்ட சுவை முன்பைவிட விரைவாக வந்தது.

சரிபார்க்க, வடித்ததும் நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு தேக்கரண்டி ஊற்றி ஆறவிட்டுச் சுவையுங்கள். எந்த மணியில் துவர்ப்பு தொடங்குகிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம்.

### கிளை: குடிக்கும் நேரம் இரண்டு மணி நேரத்துக்குள்

பிளாஸ்கே போதும். பால், சர்க்கரை எதுவும் சேர்க்காத கறுப்புக் காபியை மட்டும் ஊற்றுங்கள். வடித்த காபி 80 டிகிரி அளவுக்கு இறங்கும்வரை மூடிய பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு ஊற்றுவது நல்லது. மூடிக்குக் கீழே வெற்றிடம் இல்லாமல் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைவாக இருப்பதும், அடிக்கடி மூடியைத் திறக்காமல் இருப்பதும் மணத்தைக் காக்கும்.

### கிளை: குடிக்கும் நேரம் இரண்டு மணி நேரத்துக்குப் பின்

பிளாஸ்கில் காபியை ஊற்றாதீர்கள், வெந்நீரை ஊற்றுங்கள். வெந்நீர் எத்தனை மணி நேரம் நின்றாலும் கசக்கப் போவதில்லை. காபியைக் கெட்டியான டிகாக்ஷனாக வடித்து, ஆற வைத்து, ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடித் தனியே எடுத்துச் செல்லுங்கள். ஆறிய நிலையில் அந்தக் கேடு மிக மெதுவாகவே நடக்கும். ஒரு காலை நேரம் தாராளமாகத் தாங்கும்.

150 மில்லிலிட்டர் கோப்பைகள் ஐந்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் பொடியில் 350 மில்லிலிட்டர் நீர் ஊற்றினால், பொடி தன் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, 250 மில்லிலிட்டர் டிகாக்ஷனைத் தரும். ஒரு கோப்பைக்கு 50 மில்லிலிட்டர் டிகாக்ஷனும் 100 மில்லிலிட்டர் வெந்நீரும் கணக்கு. டிகாக்ஷன் 25 டிகிரியிலும், பிளாஸ்கில் உள்ள நீர் 85 டிகிரியிலும் இருந்தால் கோப்பையில் 65 டிகிரி வரும். அது குடிப்பதற்குச் சரியான சூடு. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிகாக்ஷனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கலந்தால், 5 டிகிரியில் இருக்கும் அது கோப்பையின் சூட்டை 58 டிகிரிக்கு இறக்கிவிடும். குளிர்ந்த கோப்பை இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். எனவே புட்டியைச் சிறிது நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, கோப்பையை ஒரு வாய் வெந்நீரால் அலம்பிவிட்டுக் கலக்குங்கள்.

பிளாஸ்கில் நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம். காபிக்குச் சொன்ன 80 டிகிரிக் கட்டுப்பாடு நீருக்கு இல்லை.

### ஏற்கெனவே கெட்டுப்போன காபியைத் திருத்த முடியுமா?

கசப்பு மட்டும் இருந்தால் கோப்பைக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு அதை ஓரளவு அடக்கும். துவர்ப்பை அது தொடாது. சிலர் புளிப்பைப் போக்கச் சமையல் சோடாவைத் தூவுகிறார்கள். புளிப்பு போகும், கூடவே காபியின் சுவையும் போய்ச் சோப்பு நீரின் சாயல் வரும். நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் செடிக்கும் ஊற்ற மனமின்றிக் கொட்டினேன்.

## அறிகுறி 3: எப்போது ஊற்றினாலும் ஒரு பழைய வாடை

இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. வழக்கம்போல் கழுவிய பிளாஸ்கில் வெறும் வெந்நீரை ஊற்றி மூடி, நான்கு மணி நேரம் கழித்து அந்த நீரைக் குடித்துப் பாருங்கள். நீரில் காபியின் சாயல் இருந்தால் வாடை பிளாஸ்கிலிருந்தே வருகிறது. நீர் ஊற்றும் முன்பே கசந்தாலோ உலோகச் சுவை தந்தாலோ, பிளாஸ்கை விட்டுவிட்டுக் குடிநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

என் நான்கு மணி நேர நீரில் பழைய எண்ணெயின் வாடை அடித்தது. பிளாஸ்கின் உட்புறம் பளபளவென்று இருந்ததால் எனக்கு வியப்பாக இருந்தது. மூடியைப் பிரித்து ரப்பர் வளையத்தை ஒரு மரக்குச்சியால் நெம்பி எடுத்தபோது, அதன் பள்ளத்தில் கரும்பழுப்பான பிசின் ஒரு சுற்று ஒட்டியிருந்தது. காபியில் உள்ள எண்ணெய் அங்கே தங்கிச் சிக்குப் பிடித்து, ஒவ்வொரு நாளும் ஆவியில் நனைந்து காபிக்குள் சொட்டியிருக்கிறது. ஆகவே உட்சுவரைப் பார்ப்பதற்கு முன் மூடியைப் பாருங்கள். அழுத்தினால் ஊற்றும் வகை மூடியாக இருந்தால் அதன் குழாயும் விசையும் இன்னும் சந்தேகத்துக்குரியவை.

கழுவும் முறை:

1. வளையத்தையும் மூடியின் பிரியும் பாகங்களையும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற விட்டு, பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.
2. ஒரு லிட்டர் பிளாஸ்குக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, நன்றாகச் சூடான நீரால் நிரப்பி, மூடாமல் சில மணி நேரம் வையுங்கள். மூடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சூட்டில் சோடாவிலிருந்து வாயு கிளம்பி, மூடி தெறித்து, வெந்நீர் மேலே பாயக்கூடும்.
3. கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசி, மூடியைத் தனியே வைத்துக் கவிழ்த்துக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த பிளாஸ்கில் வாடை திரும்பி வரும்.

உட்சுவரில் பழுப்புக்குப் பதிலாக வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருந்தால் அது நீரின் உப்புப் படிவு. சோடா அதை அசைக்காது. சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர் கரைத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். எஃகு பிளாஸ்கில் குளோரின் கலந்த வெளுப்பானை ஊற்றக் கூடாது, அது எஃகை அரிக்கும். கண்ணாடி உள்ளுறை கொண்ட பிளாஸ்கில் கம்பித் தூரிகை கூடாது. வாடை இத்தனைக்குப் பிறகும் போகவில்லை என்றால், புது வளையம் வாங்கிப் போடுங்கள்; பிளாஸ்கை மாற்றுவது அதற்கும் அடுத்த படி.

## அறிகுறி 4: சூடு நிற்பதில்லை, அதனால் மறுபடி சூடாக்க வேண்டியிருக்கிறது

முதலில் அளவைப் பாருங்கள். கால் பங்கு மட்டும் நிரப்பிய பிளாஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விரைவில் ஆறும்; குறைவாகக் குடிப்பவர்கள் சிறிய பிளாஸ்க் வைத்துக்கொள்வதே தீர்வு. அடுத்து, ஊற்றும் முன் ஐந்து நிமிடம் வெந்நீர் ஊற்றி வைப்பது. எல்லோரும் சொல்லும் இந்த அறிவுரை, ஒரு லிட்டரை முழுதாக நிரப்பும்போது ஓரிரு டிகிரிக்கு மேல் ஆதாயம் தராது. அதே பிளாஸ்கில் ஒரு கோப்பை மட்டும் ஊற்றும்போது சில டிகிரிகளைக் காப்பாற்றித் தரும். பிறகு வளையம் தளர்ந்திருக்கிறதா என்று, நீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடித்துக் கசிவு பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கொதிநீர் நிரப்பி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரின் நடுப்பகுதியைத் தொடுங்கள். கழுத்தருகில் வெதுவெதுப்பு இருப்பது இயல்பு. நடுப்பகுதியோ அடிப்பகுதியோ சுட்டால் இரு சுவர்களுக்கு இடையிலான வெற்றிடம் போய்விட்டது. இதை வீட்டிலும் பழுதுபார்க்க முடியாது, கடையிலும் முடியாது. உத்தரவாதக் காலம் இருந்தால் விற்பனையாளரிடம் செல்லுங்கள், இல்லாவிட்டால் புதியது வாங்குங்கள். கண்ணாடி உள்ளுறை உள்ள பிளாஸ்கை ஆட்டும்போது கலகல என்று ஓசை கேட்டால் அதில் உள்ளதை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

## அறிகுறி 5: மறுபடி சூடாக்கியதும் கசக்கிறது

அடுப்பில் நேரடியாகச் சூடாக்கினீர்களா, கொதிக்க விட்டீர்களா என்பவைதாம் முதல் இரண்டு கேள்விகள். கொதித்த கணத்தில் மிச்சமிருந்த மணமும் ஆவியோடு போய்விடும். நீர் வற்றிக் காபி இன்னும் கெட்டியாகும். பாத்திரத்தின் ஓரத்தில் படலமாக ஒட்டியது கருகும். பால் கலந்திருந்தால் அடிப்பிடித்த வாடையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த முறை, அகலமான பாத்திரத்தில் கொதித்த நீரை ஊற்றி அடுப்பை அணைத்துவிட்டு, காபி உள்ள சிறு பாத்திரத்தை மூடியோடு அதற்குள் இறக்கி வையுங்கள். சில நிமிடங்களில் அது 65 டிகிரிக்கு அருகே வரும். ஆவி எழ வேண்டும், ஓரத்தில் குமிழி தோன்றக் கூடாது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு இதுவே அளவு. மைக்ரோவேவில் செய்வதென்றால் நடுத்தர வேகத்தில் முப்பது வினாடி வைத்து, வெளியே எடுத்துக் கலக்கி, தேவைப்பட்டால் இன்னொரு முப்பது வினாடி வையுங்கள். கலக்காமல் தொடர்ந்து சூடாக்கினால் ஓரிடம் கொதிக்க, இன்னோரிடம் ஆறியிருக்கும். அசைத்ததும் பொங்கித் தெறிக்கவும் கூடும்.

குடிக்கப் போகும் கோப்பையை மட்டும் சூடாக்குங்கள். முழுப் பாத்திரத்தையும் சூடாக்கி, பாதி குடித்துவிட்டு, மீதியைப் பிறகு மறுபடி சூடாக்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

### கிளை: காபி இயந்திரத்தின் சூட்டுத்தட்டில் வைத்தால் கருகுகிறது

அந்தத் தட்டு குடுவையைக் கீழிருந்து ஓயாமல் சூடாக்குவதால், அறிகுறி 2 இங்கே விரைவாகவே வந்து சேரும். அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வைக்காமல் பிளாஸ்குக்கு மாற்றுங்கள். தட்டின்மேல் சிந்திக் கருகிய கறை இருந்தால், ஆறிய பிறகு துடைத்துவிடுங்கள். கருகல் வாடை அங்கிருந்தும் வரலாம். துடைத்த பிறகும் குடுவையில் காபி கொதித்துக் குமிழி விட்டால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகியிருக்கலாம். மின்கம்பியை உருவிவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அந்தப் பகுதியை நீங்களே திறக்க வேண்டாம்.

## அறிகுறி 6: பிளாஸ்க் காபியில் பால் ஊற்றினால் திரிகிறது

பால் கெட்டுவிட்டதாக உடனே முடிவு செய்யாதீர்கள். அதே பாலைத் தனியே காய்ச்சிப் பாருங்கள். தனியே திரியாமல் காபியில் மட்டும் திரிந்தால், நெடுநேரம் நின்ற காபியில் கூடிய அமிலமும் சூடும் சேர்ந்து பாலைத் திரித்திருக்கின்றன. பால் புளிக்கத் தொடங்கும் நிலையில் இருந்தால் இது இன்னும் எளிதில் நடக்கும். புதிதாக வடித்த காபியில் அந்தப் பாலை ஊற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். குளிர்ந்த பாலைச் சுடும் காபியில் கொட்டாமல், 65 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய பாலில் காபியை மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மீண்டும் திரிந்தால் அந்தக் காபியின் நேரம் முடிந்துவிட்டது.

பாலைக் கலந்தே பிளாஸ்கில் ஊற்றி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் சுவையைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது: சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின் பாலில் கிருமிகள் பெருகத் தொடங்கும். அப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற பால் காபியை, வாடை எதுவும் இல்லாவிட்டாலும், மறுபடி கொதிக்க வைத்துக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். பிளாஸ்கையும் அதன் மூடி, வளையம் ஆகியவற்றையும் அன்றே அறிகுறி 3-இல் சொன்னபடி கழுவிவிடுங்கள்.

## என் பிளாஸ்கில் நடந்தது

மேலே சொன்ன சோதனைகளை நான் ஒரு நாளைக்கு ஒன்றாகவே செய்தேன். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. வளையத்தைக் கழுவியதும் மூக்கில் ஏறிய வாடை மறைந்தது, ஆனால் பதினோரு மணிக் காபி இன்னும் வாயை இழுத்தது. துணியில் மறுமுறை வடிகட்டியதும் கடைசிக் கோப்பையும் முதல் கோப்பையும் ஒன்றுபோல் ஆயின, ஆனால் இரண்டும் ஒரே அளவில் துவர்த்தன. மணிக்கு ஒருமுறை சுவைத்ததில் மூன்றாம் மணி நேரத்தில் துவர்ப்பு தொடங்குவது தெரிந்தது. வடித்த காபியை 80 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றியபோது அது சிறிது தள்ளிப்போயிற்றே தவிர, பதினோரு மணியைத் தாண்டவில்லை. அதன்பின் டிகாக்ஷனைப் புட்டியிலும் வெந்நீரைப் பிளாஸ்கிலும் கொண்டுசெல்லத் தொடங்கினேன். விலை கூடிய அந்தப் பிளாஸ்க் இப்போது வெந்நீர் மட்டுமே சுமக்கிறது, அதற்கு அது மிகவும் பொருத்தமானது.